கட்டம் போட்டுச் சுவரில் பெயர் எழுதுதல்

கோத்தகிரியில் ஒரு தேயிலைக் கடைச் சுவரில் பெயர் எழுதுவதற்காக, 24 செ.மீ. நீளமும் 6 செ.மீ. உயரமும் கொண்ட வரைவின்மேல் 2 செ.மீ. கட்டங்கள் போட்டு, அவற்றைச் சுவரில் ஓரடிக் கட்டங்களாக, 12 அடிக்கு 3 அடியாகப் பெருக்கினோம்.

மலைச்சாலை சரிவானது என்பதால், தரையிலிருந்து அளக்காமல் டியூப் லெவலில் நீர்மட்டம் பார்த்தே அடிக்கோட்டுக்கு நூலடிக்க வேண்டும். எழுத்தின் ஓரம் ஒவ்வொரு கட்டக்கோட்டையும் எந்த இடத்தில் வெட்டுகிறதோ, அங்கெல்லாம் சாக்கட்டியால் புள்ளி வைத்து, பிறகு புள்ளிகளை இணைத்தால் வடிவம் பிசகாமல் வரும்.

‘லை’யின் சங்கிலிக்கொம்பு போன்ற நெருக்கமான சுழிகளுக்கு ஓரடிக் கட்டம் போதாது, வரைவிலும் சுவரிலும் அந்தக் கட்டத்தை மட்டும் நான்காகப் பிரித்துக்கொண்டோம். சுழியின் கோணல் அருகில் தெரியாது என்பதால், பெயிண்ட் தொடும் முன் சாலையின் எதிர்ப்புறம் நின்று பார்த்துத் திருத்துவது மிக அவசியம். பனிமூட்டத்தில் சுவர் ஈரமாக இருந்தால் சாக்கட்டி பிடிக்காது. வெயில் வந்து காய்ந்த பிறகே தொடங்க வேண்டும்.