விடை சரிதானே சேர்?

தவணைப் பரீட்சையில் x³ இன் பெறுதியை முதற் தத்துவத்திலிருந்து காணச் சொல்லி ஒரு கேள்வி போட்டிருந்தேன். உயர்தரத்தில் கணிதம் படிக்கிற பிள்ளைகள் தூக்கத்திலும் எழுதிவிடுகிற கேள்வி. ஒரு பிள்ளை மட்டும் (f(x+h) − f(x)) / h என்று தொடங்காமல் இப்படித் தொடங்கியிருந்தாள்:

(f(x+h) − f(x−h)) / 2h

கீழே உள்ள சுருக்கலில் ஒரு பிழையும் இல்லை. மேலே 6x²h + 2h³ வருகிறது, 2h ஆல் வகுத்தால் 3x² + h², h பூச்சியத்தை நெருங்கும்போது 3x². பத்துக்கு நாலு புள்ளி போட்டேன். தாளை வாங்கிப் பார்த்துவிட்டு ஆசிரியர் அறை வாசலுக்கு வந்து கேட்டாள்: "விடை சரிதானே சேர்?"

அந்தக் கேள்விக்கு நான் சொன்ன பதிலைத்தான் இன்னும் மனசுக்குள் திருப்பித் திருப்பிப் பார்க்கிறேன். "விடை சரி, ஆனா நீ காட்டினது பெறுதி இல்ல" என்றேன். அப்படிச் சொல்ல எனக்குக் காரணம் இருந்தது, இப்போதும் இருக்கிறது.

எங்கே படித்தாய் என்று கேட்டேன். பௌதிகவியல் ஆய்வுகூடத்தில் என்றாள். டிக்கர் டேப்பில் ஒரு புள்ளியில் ட்ரொலியின் வேகம் வேண்டுமென்றால் அதற்கு முந்தின புள்ளியிலிருந்து அடுத்த புள்ளி வரைக்கும் அளந்து, இரண்டு இடைவெளிக்கான நேரத்தால் வகுக்கச் சொல்வார்கள். ஐம்பது ஹேர்ட்ஸ் என்றால் 0.04 செக்கன். அது அப்படியே இவள் எழுதின ஈவுதான். ஆர்முடுகல் மாறாமல் இருந்தால் அந்த விடை அண்ணளவு கூட இல்லை, மிகச் சரியானது, ஏனென்றால் இருபடிச் சார்புக்கு h எவ்வளவு பெரிதாக இருந்தாலும் இந்த ஈவு பெறுதியையே தரும். x³ இலும் பாருங்கள், x = 1, h = 0.1 என்று போட்டால் வழக்கமான ஈவு 3.31 தரும், இவளுடையது 3.01. உண்மையான விடை 3. கணக்குப் போட்டு எண் எடுக்கிற வேலைக்கு அவளுடைய வழிதான் மேல் என்பதில் எனக்கு ஒரு சந்தேகமும் இல்லை.

ஆனால் கேள்வி எண்ணைக் கேட்கவில்லையே.

கரும்பலகையில் |x| ஐ எழுதி x = 0 இல் உன் வழியில் செய் என்றேன். |h| − |−h|, அது பூச்சியம், 2h ஆல் வகுத்தாலும் பூச்சியம், எல்லையும் பூச்சியம். அவள் முகத்தில் சங்கடம் எதுவும் இல்லை. "அடியில இருக்கிற புள்ளிதானே சேர், அங்க படித்திறன் பூச்சியமாத்தானே இருக்கணும்" என்றாள். அந்தப் பதிலை நான் எதிர்பார்க்கவில்லை. |x| அவளுக்கு எதிராக நிற்கும் என்று நினைத்துத்தான் கொடுத்தேன், அது அவள் பக்கம் போய் நின்றுவிட்டது.

அப்புறம் அந்த V இன் ஒரு கையை மட்டும் நிமிர்த்தினேன். x பூச்சியத்துக்கு இடப்பக்கம் −x, வலப்பக்கம் 2x. இப்போதும் மிகக் கீழே இருப்பது 0 தான். போட்டுப் பார்த்தாள்: 2h − h, அதை 2h ஆல் வகுத்தால் ½. அடியில் இருக்கிற புள்ளியில் படித்திறன் அரை. வலப்பக்கம் 2, இடப்பக்கம் −1, அந்த இரண்டின் சராசரிதான் ½. அந்த அரையைப் படித்திறனாகக் கொண்ட கோடு வளையியின் எந்தப் பக்கத்தோடும் ஒட்டாது. அவள் ஒன்றும் சொல்லாமல் பலகையையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

அவளுக்கு நான் சொன்ன விளக்கம் இதுதான்: உன் ஈவு, வலப்பக்க ஈவும் இடப்பக்க ஈவும் சேர்ந்த சராசரி. பெறுதி இருந்தால் இரண்டும் ஒரே எண்ணுக்குப் போகும், சராசரியும் அங்கேதான் போகும், அதனால் உன் விடை தப்பாது. பெறுதி இல்லாதபோது இரண்டும் வேறு வேறு இடத்துக்குப் போனாலும் சராசரிக்கு ஒரு எல்லை இருக்கலாம். இது சரியான விளக்கம்தான், ஆனால் முழுவதையும் சொல்வதில்லை. x sin(1/x) ஐ எடுத்து 0 இல் 0 என்று வைத்தால் வலப்பக்க ஈவு sin(1/h), அது −1 க்கும் 1 க்கும் இடையில் ஆடிக்கொண்டே இருக்கும், எங்கும் போய்ச் சேராது. இடப்பக்கமும் ஆடும். ஆனால் அது இரட்டைச் சார்பு, அதனால் ஓர் ஆட்டத்தை மற்ற ஆட்டம் ஒவ்வொரு h இலும் அப்படியே அழித்துவிடும், அவள் எழுதின அந்தச் சமச்சீர் ஈவு எப்போதும் பூச்சியம்.

இன்னும் அடியில் ஒரு விஷயம் இருக்கிறது, அதை அன்றைக்கு அவளிடம் சொல்லவில்லை. அவளுடைய ஈவில் f(x) என்பதே கிடையாது. எந்தப் புள்ளியில் பெறுதி கேட்கிறோமோ அந்தப் புள்ளியில் சார்பு என்ன பெறுமானம் எடுக்கிறது என்று அது பார்ப்பதே இல்லை. எல்லா இடத்திலும் 0, x = 0 இல் மட்டும் 5 என்று ஒரு சார்பை வைத்தால் அங்கே தொடர்ச்சியே இல்லை, ஆனால் சமச்சீர் ஈவு அமைதியாகப் பூச்சியம் என்று சொல்லும். பெறுதி இருந்தால் தொடர்ச்சி இருக்க வேண்டும் என்று வகுப்பில் நிறுவுகிறோமே, அந்த நிறுவல் இவளுடைய வரைவிலக்கணத்தில் நிற்காது.

அதனால்தான் நாலு. அவள் காட்டினது "பெறுதி என்று ஒன்று இருந்தால் அது 3x²" என்பதை. இருக்கிறது என்பதைக் காட்டவில்லை.

பௌதிகவியல் சேர் இதை ஒத்துக்கொள்ளவே இல்லை. "x³ க்குப் பெறுதி இருக்கிறது என்று உலகத்துக்கே தெரியும், |x| ஐக் கொண்டுவந்து x³ க்குப் புள்ளி வெட்டுறீங்களே" என்றார். முதற் தத்துவத்திலிருந்து என்று கேட்டபின் தெரியும் என்று எடுக்க முடியாது என்றேன். அவர் விடவில்லை. தோட்டத்துப் பள்ளிக்கூடங்களிலிருந்து கணிதப் பிரிவுக்கு வருகிற பிள்ளைகளே கொஞ்சம், அதிலும் தானாக ஒரு வழியைக் கொண்டுவந்து பொருத்திப் பார்க்கிற பிள்ளைக்கு நாலா என்றார். அது கணிதத்துக்கான பதில் இல்லை. ஆனால் அதற்கு என்னிடமும் பதில் இல்லை.

என்ன ஒரு வரி கூடுதலாக எழுதியிருந்தால் முழுப் புள்ளி கொடுத்திருப்பேன் என்று பிறகு யோசித்தேன். சமச்சீர் ஈவை இரட்டித்து வலப்பக்க ஈவைக் கழித்தால் மிஞ்சுவது இடப்பக்க ஈவு. ஆகவே வலப்பக்க எல்லையும் 3x² என்று மட்டும் அவள் காட்டியிருந்தால் இடப்பக்கமும் தானாக 3x² ஆகிவிடும், பெறுதி இருக்கிறது என்பதும் முடிந்துவிடும். அழகான வழி. ஆனால் அந்த வலப்பக்கக் கணக்கு 3x² + 3xh + h² என்றுதான் வரும், அதை எழுதுகிறவள் h மறைப் பெறுமானமும் எடுக்கலாம் என்று ஒரு வார்த்தை சேர்த்தாலே போதும், அவளுடைய சொந்த வழி தேவைப்படாது. அவளுடைய வழியைக் காப்பாற்றப் போய், கடைசியில் அதை அழித்துவிடச் சொல்கிற இடத்துக்கே வந்துவிட்டேன்.

அடுத்த தவணைத் தாளிலும் இதே கேள்வியைப் போட்டிருக்கிறேன், கீழே பகுதி (ஆ) என்று அந்த −x, 2x சார்பையும் சேர்த்து. புள்ளித்திட்டத்தில் (ஆ) க்கு ஆறு என்று எழுதிவிட்டேன். (அ) வை யாராவது இவள் வழியில் எழுதினால் எவ்வளவு என்பதை பௌதிகவியல் சேரோடு இன்னொரு தடவை பேசிவிட்டுத்தான் எழுத வேண்டும்.