லேபிள் எழுத்து சிதையாமல் ஏஐ விளம்பரப் படம் செய்த விதம்

காங்கேயம் பக்கம் மரச்செக்கு வைத்திருக்கும் ஒருவர், தன் அரை லிட்டர் நல்லெண்ணெய் பாட்டிலுக்கு விளம்பரப் படம் கேட்டார். பாட்டிலின் போட்டோ கையில் இருந்தது. மர மேசை, காலை வெயில், பின்னால் எள்ளுச் செடி எல்லாம் ஏஐயில் வர வேண்டும்.

போட்டோவை மாதிரியாகக் கொடுத்து முழுப் படத்தையும் உருவாக்கியபோது பாட்டிலின் வடிவம் சரியாகவே வந்தது. எழுத்துதான் கெட்டது. 'நல்லெண்ணெய்' என்பதில் ஒரு புள்ளி காணோம், 'ண' ஒரு சுழி குறைந்து 'ன' ஆகியிருந்தது. 14 இலக்க உணவு உரிம எண்ணும் வேறு எண்ணாகிவிட்டது. அதை அப்படியே வெளியிட முடியாது.

காரணம் இதுதான். ஸ்டேபிள் டிஃப்யூஷன் போன்ற மாடல்கள் படத்தை நேரடியாகக் கையாள்வதில்லை. முதலில் நீளத்திலும் அகலத்திலும் எட்டில் ஒரு பங்காகச் சுருக்கிவிடுகின்றன. 1024 பிக்சல் படத்தில் உரிம எண்ணின் ஓர் இலக்கம் 8 பிக்சல் உயரம்தான் இருக்கும். சுருங்கியபின் அது ஒரே கட்டம். திரும்ப விரிக்கும்போது மாடல் ஊகித்துத்தான் எழுத்தை வரைகிறது. கொடுத்த படத்தை மாடல் எவ்வளவு மாற்றலாம் என்று சொல்லும் `denoise` அளவை 0.3க்குக் குறைத்தும் பார்த்தேன். பின்னணி மாறவில்லை, சின்ன எழுத்து அப்போதும் கலங்கியது.

அதனால் பாட்டிலை மாஸ்க் போட்டு ஒதுக்கி, பின்னணியை மட்டும் உருவாக்கினேன். பலரும் இதோடு நிறுத்திவிடுகிறார்கள். ஆனால் மாஸ்க்குக்கு உட்பட்ட பகுதியும் அந்தச் சுருக்கி விரிக்கும் வேலைக்குள் போய்த்தான் வருகிறது, எழுத்தின் ஓரங்கள் மழுங்குகின்றன. ஆகவே பின்னணி முடிந்ததும் அசல் போட்டோவின் பாட்டிலை அதே இடத்தில் மேல் லேயராக ஒட்ட வேண்டும். படத்தைப் பெரிதாக்கும் அப்ஸ்கேலரை ஒட்டுவதற்கு முன்பே ஓட்டிவிடுங்கள். பிறகு ஓட்டினால் அது எழுத்தை மறுபடி வரையும்.

ஒட்டிய பாட்டில் தனியாகத் துருத்திக்கொண்டு நிற்காமல் இருக்க, போட்டோவில் வெளிச்சம் எந்தப் பக்கமோ அதையே பின்னணிக்கும் கேட்டேன். மேசையில் நிழல் விழும் இடத்தை மாஸ்க்குக்கு வெளியே விட்டதால் நிழல் தானாக வந்தது. வெள்ளைக் கோடு தெரியாதபடி மாஸ்க்கின் ஓரத்தை ஓரிரு பிக்சல் உள்ளே இழுத்தேன். வெயிலின் மஞ்சள் சாயலை மெல்லிய லேயராகப் பூசும்போது சைவக் குறியான பச்சைப் புள்ளியை மட்டும் விட்டுவிட்டேன். அது பழுப்பாகத் தெரிந்தால் வாங்குபவர் அசைவம் என்று நினைத்துவிடலாம்.

கடைசியில் சரிபார்க்க, மஞ்சள் லேயரை அணைத்து, அசல் போட்டோவை மேலே வைத்து, இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தை மட்டும் காட்டும் `Difference` முறைக்கு அந்த லேயரை மாற்றினேன். லேபிள் முழுக்கக் கறுப்பாக இருந்தால் ஒரு பிக்சலும் மாறவில்லை என்று அர்த்தம். அப்புறம் 100 சதவீத அளவில் வைத்து, உரிம எண்ணை அச்சகத்துக்குப் போன லேபிள் கோப்போடு எழுத்து எழுத்தாக ஒப்பிட்டேன்.

இந்த முறையில் பாட்டிலைத் திருப்பவோ சாய்க்கவோ முடியாது. அடுத்ததாக அவர் எண்ணெய் ஊற்றுவது போன்ற படம் கேட்டார். அதற்குக் கையோடு சேர்த்து அந்தக் கோணத்திலேயே புதிதாகப் போட்டோ எடுத்தோம்.