43 பேர், ஒரு பாவு

அரக்கு உடம்பு, கடுகு மஞ்சள் பார்டர், ஜரிகை கிடையாது, 80ஆம் நம்பர் காட்டன் புடவை. நூல் போட்டோவை மட்டும் ஸ்டேட்டஸ்ல போட்டு "வேணும்ங்கிறவங்க பேர் சொல்லுங்க"ன்னு கேட்டதுக்கே 43 பேர் வந்துட்டாங்க. லிஸ்ட்டைப் பாத்த தறிக்கார அண்ணன் "அப்ப ரெண்டு தறிலயும் பாவு ஏத்திரட்டுமா பாப்பா"ன்னு கேட்டாரு. நான் "கொஞ்சம் பொறுங்கண்ணா"ன்னு சொன்னேன். அந்த "பொறுங்க" சரியா இல்லையான்னுதான் இன்னும் யோசிச்சுட்டு இருக்கேன்.

நான் ஏன் பொறுக்கச் சொன்னேன்னா, கைத்தறில ஒண்ணு ரெண்டு நெய்து பாத்துட்டு அப்புறம் முடிவு பண்றதுங்கிறது நடக்காது. பாவுங்கிறது தறில நீளவாக்குல ஏத்துற நூல், எங்க அண்ணன்கிட்ட ஒரு பாவுன்னா 12 புடவை. நூலுக்குச் சாயம் போட்டு, பாவு ஓட்டி, தெருவுல விரிச்சுக் கஞ்சி போட்டு, தறில இருக்கிற பழைய பாவோட இழை இழையா பிணைச்சு முடிச்சாச்சுன்னா அந்த 12ஐயும் நெய்துதான் ஆகணும். பார்டர் கலர் பாவுலயே வந்துடும், நடுவுல மாத்த முடியாது. குறுக்கே ஓடுற ஊடை நூலை வேணா மாத்தலாம், அரக்குப் பாவுல கருப்பு ஊடை போட்டா உடம்பு வேற ஷேடா வரும், அவ்ளோதான் நம்ம கையில இருக்கு. அடக்கம் ஒரு புடவைக்கு 1100 ரூபா, கூலியைப் புடவையைத் தறிலேர்ந்து அறுத்த அன்னைக்கே கொடுத்துடணும், அது வித்துச்சா இல்லையான்னு அண்ணன் வீட்டு அடுப்பு காத்திருக்காது. ரெண்டாவது பாவு தேங்கினா 13,200 ரூபா என் பீரோவுல மடிஞ்சு கிடக்கும்.

அதனால 1650 ரூபா புடவைக்கு 500 அட்வான்ஸ் கேட்டேன். "8 பேர் சேரலைன்னா பாவே ஏத்த மாட்டேன், பணம் அப்படியே திரும்பி வரும்"னும் தெளிவா எழுதினேன். 9 பேர் அனுப்புனாங்க. அந்த 9லயும் எங்க சித்தி, அத்தை பொண்ணு, அண்ணி மூணு பேரும் எனக்காக வாங்குறவங்க, நான் எந்தக் கலர் போட்டாலும் வாங்குவாங்க. அவங்களைக் கழிச்சா கலரைப் பாத்து வந்தது 6 பேர்தான். 8ன்னு சொன்னதுக்கு 9 வந்துடுச்சே, அதனால ஒரு தறில மட்டும் ஏத்தச் சொன்னேன். இன்னொரு தறிக்கு அண்ணன் வேற ஆளோட பாவை வாங்கிக்கிட்டாரு.

இதுக்கு நடுவுல ஒரு டீச்சரம்மா போன் பண்ணாங்க. ரொம்ப வருஷமா எங்கிட்ட வாங்குறவங்க, லிஸ்ட்ல மூணாவது பேர் அவங்களோடது. "பேர் சொல்லுன்னே, சொன்னேன். இப்ப காசு அனுப்புங்கிறே. நான் வாங்கிட்டு ஏமாத்திட்டுப் போறவளா கண்ணு?" நான் "அப்படி இல்லம்மா, எல்லாருக்கும் ஒரே மாதிரி கேட்டாத்தானே கணக்கு வரும்"னேன். "கணக்கு உனக்கு வரட்டும், என் பேரை எடுத்துடு"ன்னு வச்சுட்டாங்க. எடுத்துட்டேன். அவங்க வாங்கியிருப்பாங்கன்னு எனக்கு அப்பவே தெரியும், ஆனா ஒருத்தர்கிட்ட தெரியும்னு விட்டா மத்த 42 பேர்ல யாரை எந்த அளவுகோல் வச்சு விடுறது?

மொத புடவை அறுத்து வந்ததும் கட்டி போட்டோ எடுத்துப் போட்டேன். மீதி மூணும் அன்னைக்கே போயிடுச்சு, அதுக்கப்புறமும் கேட்டுட்டே இருந்தாங்க, அதுல பாதிக்கு மேல பேர் சொல்லிட்டு அட்வான்ஸ் போடாம இருந்தவங்க. அப்ப 43ங்கிறதும் பொய் இல்ல, 9ங்கிறதும் பொய் இல்ல. நூல் கட்டைப் பாத்து 500 கொடுக்கிறவங்க கம்மி, புடவையைக் கண்ணால பாத்து முழுசா கொடுக்கிறவங்க நிறைய. அட்வான்ஸ் எனக்குச் சொன்னது எத்தனை பேருக்குப் புடவை பிடிச்சிருக்குன்னு இல்ல, எத்தனை பேர் பாக்காமலே என்னை நம்புறாங்கன்னு. ஆனா இதை வச்சு அட்வான்ஸ் வேண்டாம்னு சொல்ல வரல. போட்டோல பிடிக்காமப் போயிருந்தா? கடுகு மஞ்சள் சாயத்துல கொஞ்சம் பச்சையடிச்சிருந்தா? அப்ப ஒரு பாவோட நின்னதுக்குச் சந்தோஷப்பட்டிருப்பேன்.

கேட்டவங்களுக்குக் கொடுக்க தறி காலியா இல்ல. தறி காலியானப்போ மழை பிடிச்சுடுச்சு, தெருவுல பாவு விரிக்க வழியில்ல, காத்திருந்தவங்க பாதிப் பேர் வேற எங்கேயோ வாங்கிட்டாங்க. அண்ணன் ஒண்ணும் சொல்லல. அவருக்கு வேற வேலை கிடைச்சுது, கூலி நிக்கல, அதுவரைக்கும் நிம்மதி.

இப்ப அடுத்த பாவுக்கு ஒரு யோசனை இருக்கு. ரெண்டு பாவுக்கும் நூலுக்கு ஒண்ணா சாயம் போட்டுட்டு, ஒண்ணை மட்டும் ஏத்துறது, மொத புடவை போட்டோ போட்ட பிறகு ரெண்டாவதை முடிவு பண்றது. அப்ப தேங்கினாலும் நூலோட நிக்கும், கூலி வரைக்கும் போகாது. ஆனா அதுவரைக்கும் அந்த ரெண்டாவது தறியைச் சும்மா நிறுத்தி வைங்கன்னு அண்ணன்கிட்ட எந்த வாயால கேக்குறது, காத்திருக்கிற கூலியை நான் கொடுக்கணுமா, கொடுத்தா அதைப் புடவை விலைல ஏத்தணுமா, இதெல்லாம் இன்னும் பேசி முடியல.