1835 காலணாவும் அடங்காத வெளிர்பச்சையும்

மூன்றாவது முறையாக வந்துவிட்டது. மூன்று வாரத்துக்கு முன்பு இரண்டு நாள் விடாமல் மழை. டப்பாவைத் திறந்தால், கிழக்கிந்தியக் கம்பெனி காலணாவில் 1835-இல் உள்ள 8-இன் கீழ் வளையத்துக்குள் வெளிர்பச்சைப் பொடி, ஈரமாவு தூவினாற்போல. ஊசிமுனையில் தொட்டால் உதிர்கிறது. கெட்டியான கரும்பச்சையாக இருந்திருந்தால் கவலையே பட்டிருக்க மாட்டேன். அது காசின் தோல், அதை அப்படியே விட்டுவிட வேண்டும். உதிர்கிற, துடைத்தாலும் திரும்பி வருகிற வெளிர்பச்சைதான் நோய். செம்புக்குள் புகுந்த குளோரைடு காற்றின் ஈரத்தோடு சேர்ந்து அமிலமாகி, அந்த அமிலம் மறுபடி செம்பையே தின்னும்.

இந்த உப்பு எங்கிருந்து வந்தது என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆயா பூஜைச் செம்போடு சேர்த்துக் காசுகளையும் வெள்ளிக்கிழமைதோறும் புளியும் கல்லுப்பும் போட்டுத் தேய்த்துவிடும். "பளபளன்னு இருந்தாத்தானே கண்ணு லட்சுமி?" என்று கேட்கும். பளபளப்பு வந்தது உண்மைதான். புளியின் அமிலம் நூறு வருஷப் பழுப்பைக் கரைத்து, உள்ளிருந்த ரோஜா நிறச் செம்பை வெளியே கொண்டுவந்துவிட்டது. சேகரிப்பவர் கண்ணுக்கு அந்த ரோஜா நிறம் எட்டடி தூரத்திலேயே தெரியும், விலையும் அங்கேயே விழும். பள்ளங்களில் தங்கிய உப்பு வேறு. நல்லவேளையாக 1835 காலணா அரிய காசு இல்லை. அரிய காசாக இருந்தால் நான் கையே வைத்திருக்க மாட்டேன், நீங்களும் வைக்காதீர்கள்.

முதல் இரண்டு முறை தோற்றதற்குக் காரணம் என் அவசரம். அசிட்டோனில் எண்ணெய்ப் பிசுக்கைப் போக்கி, பத்து மடங்கு லென்ஸுக்குக் கீழே வேலமுள்ளால் பொடியைச் சுரண்டி எடுத்துவிட்டு, முடிந்தது என்று நினைத்தேன். (இரும்பு ஊசியைவிட வேலமுள் மேல். செம்பில் கீறல் விழாது, மழுங்கினால் வேலியில் வேறு கிடைக்கும்.) பொடி போனதே தவிர, அடியில் இருந்த குளோரைடு அங்கேயே இருந்தது. அதைவிடப் பெரிய முட்டாள்தனம், கழுவியது எங்கள் வீட்டு போர் தண்ணீரில். கிருஷ்ணகிரிப் பக்கத்து போர் தண்ணீரைக் கொதிக்க வைத்தால் பாத்திரத்தில் என்ன படிகிறது என்று தெரிந்தும் அதையே ஊற்றினேன்.

இப்போது நடப்பது மூன்றாவது முயற்சி, காசைக் கரைசலில் ஊறவைத்து அடியில் உள்ள குளோரைடை வெளியே எடுப்பது. காய்ச்சி வடித்த தண்ணீர் 200 மில்லி, அதில் நீரற்ற சோடியம் கார்பனேட் 5 கிராம், சமையல் சோடா 4 கிராம். கடையில் சலவை சோடா கட்டியாகக் கிடைத்தால் அதில் பாதிக்கு மேல் தண்ணீர்தான் என்பதால் இந்தக் கணக்கு ஒத்து வராது. கண்ணாடிக் குப்பியில், மற்ற காசுகளைத் தொடாமல், ஒற்றைக் காசு. முதல் வாரம் தினமும் கரைசலை மாற்றினேன், இப்போது வாரம் ஒருமுறை. தண்ணீர் லேசாக நீலமாகிறது என்றால் கொஞ்சம் செம்பும் கரைகிறது என்று அர்த்தம், அதனால் அதிக நாள் விட்டுவைக்கவும் கூடாது. இன்று 19-ஆம் நாள். பழுப்பு ஓரமாகக் கொஞ்சம் கறுத்திருக்கிறது. இந்த முறைக்கு நான் கொடுக்கிற விலை அது.

குணமானதா என்று கண்ணால் சொல்ல முடியாது. வடித்த தண்ணீரில் பல முறை அலசி, அசிட்டோனில் முக்கிக் காயவைத்து, மூடிய டப்பாவில் ஈரப் பஞ்சின் பக்கத்தில், பஞ்சைத் தொடாமல், இரண்டு நாள் வைப்பேன். பொடி எட்டிப் பார்த்தால் மறுபடி கரைசல்.

டப்பா என்றதும் இன்னொன்று. பெங்களூர் நாணயக் கண்காட்சியில் ஒருவர் மலிவாகத் தந்த மெத்தென்ற பிளாஸ்டிக் உறைகளை எல்லாம் தூக்கி எறிந்துவிட்டேன். புது மழைக்கோட்டு வாசனை அடிக்கிற உறை பிவிசி. அதுவும் நாளடைவில் குளோரைடைக் கக்கும்.

ஆயாவின் செம்பு இன்னும் அலமாரியில் இருக்கிறது. கழுத்துக்குக் கீழே புள்ளி புள்ளியாகப் பேர் வெட்டியிருக்கும். செங்கல் பொடி தேய்த்துத் தேய்த்து இப்போது கடைசி இரண்டு எழுத்து விரல் தடவினால்தான் தெரிகிறது. உள்ளே ஈயம் பூசியது கறுப்புத் திட்டாகப் போயிருக்கிறது. அதில் குடிக்கப் போவதில்லை, எனவே ஈயம் பூசக் கொடுக்கவும் வேண்டாம். வெளியே வெறும் மெல்லிய துணியால் துடைத்து, வெந்நீர் காட்டாமல் ஒரு ஓரத்தில் வைக்கலாம் என்றிருக்கிறேன். அம்மாதான் இடைஞ்சல். நேற்றுகூட, "உப்புப் போடாம வெறும் புளிதான்டா" என்று சமையலறையிலிருந்து குரல் கொடுத்தாள். செம்பை என் அறைக்கு மாற்றிவிட்டேன்.

வெள்ளிக்கிழமை கரைசல் மாற்ற வேண்டும்.