ரஸ்க் மாமாவுக்கு வாய் வந்த கதை

சத்துவாச்சாரியில் எங்கள் தெருமுனை பேக்கரிக்கு ஒரு கார்ட்டூன் பொம்மை செய்து தருகிறேன் என்று பாயிடம் வாயை விட்டு ஐந்து வாரம் ஆகிறது. மூன்று குட்டி வீடியோ, ஒவ்வொன்றும் ஆறு நொடி. கூலி, டீயும் பஃப்ஸும்.

முதலில் வரைந்தது ஒரு பன். விழுந்தால் அமுங்கி அகலும், எழும்போது நீளும். அனிமேஷன் பழகுகிற எல்லோரும் செய்கிற பயிற்சிதான். பாய் பார்த்துவிட்டு, "நல்லாதான் இருக்கு தம்பி, ஆனா பந்து மாதிரி இருக்கே" என்றார். உண்மைதான். அசைவு இருந்தது, குணம் இல்லை.

அப்புறம் ஜாடியில் இருந்த ரஸ்க் கண்ணில் பட்டது. இரண்டு தடவை அடுப்பில் வெந்து காய்ந்த ரொட்டி. முசுட்டு மாமா ஒருவர் அதற்குள் ஏற்கெனவே இருந்தார்!

பழக்கதோஷத்தில் அவரையும் அமுக்கி நீட்டினேன். ரப்பர் துண்டு ஆகிவிட்டார். பிறகு வடிவத்தைத் தொடவே இல்லை. ஒரு மூலையை ஊன்றி மறு மூலைக்குச் சாய்ந்து நடப்பார், நிற்கும்போது டக் டக் என்று ஆடி நிற்பார். யாராவது கூப்பிட்டால் முதலில் கண் மட்டும் போகும், நாலைந்து ஃபிரேம் கழித்து உடம்பு மொத்தமாகத் திரும்பும். அந்தத் தாமதம்தான் முசுட்டுத்தனம்.

அவர் வசனம் முதலில் "டீ எங்கடா?" பாய் ஒத்துக்கொள்ளவில்லை. "கடைக்கு வர்றவங்கள டா போட்டுப் பேசுனா எப்படி தம்பி?" சரி என்று "டீ எங்கப்பா?" ஆக்கினேன். மரியாதைக்காகச் செய்த மாற்றம் வாயசைவைக் காப்பாற்றியது. 'எங்கடா'வில் உதடு ஒரு இடத்திலும் மூடாது, அதனால் வாய் சும்மா படபடத்தது. 'ப்பா'வில் உதடு ஒட்டித் திறக்கிறது. நொடிக்கு 24 ஃபிரேம், ஒரு படத்தை இரண்டு ஃபிரேம் நிறுத்துகிறேன். மூடிய உதட்டுக்கு ஒரு முழுப் படம் கொடுத்து, ஒலிக்கு இரண்டு ஃபிரேம் முன்னால் வைத்தேன். சரியாக ஒலியின் மேலேயே வைத்தபோது பேச்சு பின்தங்குவது போலத் தெரிந்தது.

முதல் வீடியோவில் ஜாடி மூடியைத் தள்ளிக்கொண்டு வந்து கேட்கிறார். இரண்டாவதில் வேலூர் வெயில். கிரீம் பன் உருகி வழிகிறது, ஏற்கெனவே காய்ந்துபோன மாமாவுக்குக் கவலையே இல்லை. மூன்றாவதில் டீயில் இறங்குகிறார். அங்கேதான் முதல்முறையாக அவர் உடம்பு அமுங்குகிறது, புருவம் தளர்கிறது, பாதி உடைந்து கிளாசுக்குள் போகிறது.

கைப்பேசியில் போட்டுப் பார்த்தால் கிளாசையே காணோம். 1080 x 1920 சட்டத்தின் அடியில் வரைந்திருந்தேன், ஆப் காட்டும் பெயரும் எழுத்தும் அதன் மேல் உட்கார்ந்துவிட்டன. மேசையோடு எல்லாவற்றையும் மேலே ஏற்றினேன். பாதிப்பேர் ஒலியை அணைத்துவிட்டுப் பார்ப்பார்கள் என்பதால் வசனத்தையும் பெரிய எழுத்தில் தலைக்கு மேல் போட்டாயிற்று.

உடைகிற காட்சியைப் பாய் மூன்று தடவை ஓட்டிப் பார்த்தார். "நம்ம சரக்கு உடையுறத நாமளே காட்டணுமா?" என்றார். நாலாவது தடவையும் ஓட்டினார்.