மூக்குக் குழாயில் கஞ்சி ஊற்றுவதற்கு முன்

பக்கவாதத்தால் விழுங்க முடியாமல் போனவர்களுக்கு மூக்கு வழியாக இரைப்பைக்குச் செல்லும் குழாயில் உணவு கொடுப்பது எங்கள் வார்டில் அன்றாட வேலை. ரைல்ஸ் டியூப் என்று நாங்கள் சொல்லும் அந்தக் குழாயைச் சோதிக்க நான் முதலில் கற்றுக்கொண்ட முறை ஒன்றுதான்: சிரிஞ்சால் காற்றைச் செலுத்தி, மேல்வயிற்றில் ஸ்டெதஸ்கோப்பை வைத்து, குடகுடவென்ற சத்தம் கேட்டால் உணவை ஊற்றலாம். பல இடங்களில் இன்றும் இதுவே நடக்கிறது. ஆனால் குழாயின் நுனி உணவுக்குழாயில் நின்றாலும், நுரையீரலுக்குள்ளேயே போயிருந்தாலும் அந்தச் சத்தம் மேல்வயிற்றில் கேட்கக்கூடும். இங்கிலாந்தின் தேசிய நோயாளர் பாதுகாப்பு அமைப்பு இந்தச் சோதனையை நம்ப வேண்டாம் என்று 2005-இலேயே எச்சரித்திருக்கிறது.

சத்தத்தை விட்டால் எதைப் பார்ப்பது என்பதற்கு ஒரு நோயாளியின் காலை நேரத்தைச் சொல்கிறேன். அறுபது வயதைக் கடந்த அவருக்குப் பக்கவாதத்தோடு சர்க்கரை நோயும் சிறுநீரகக் குறைபாடும் இருந்தன. குழாய் போட்ட அன்று எக்ஸ்-ரே எடுத்து, நுனி இரைப்பையில் இருப்பதை மருத்துவர் உறுதி செய்தபின், மூக்குத் துவாரத்தருகே தெரிந்த 58 சென்டிமீட்டர் குறியைக் கேஸ் ஷீட்டில் எழுதி வைத்திருந்தோம். அன்று விடியற்காலையில் சளியை உறிஞ்சி எடுத்தபோது அவர் நெடுநேரம் இருமியிருந்தார். காலை உணவுக்கு முன் நான் பார்த்தபோது மூக்கின்மேல் ஒட்டியிருந்த பிளாஸ்டர் ஈரத்தில் நெகிழ்ந்திருந்தது. குறி 50-இல் நின்றது, அதாவது குழாய் எட்டு சென்டிமீட்டர் வெளியே வந்திருந்தது.

டார்ச் அடித்து வாய்க்குள் பார்த்தேன். தொண்டையில் குழாய் சுருண்டிருக்கவில்லை. சிரிஞ்சால் மெதுவாக இழுத்தபோது ஒன்றும் வரவில்லை. அவரை இடப்பக்கமாகத் திருப்பிப் படுக்கவைத்து, கால் மணி நேரம் கழித்து மறுபடி இழுத்ததில் சிறிது நீர் வந்தது. அமிலத்தன்மையைக் காட்டும் பி.எச். தாளில் அது 6 காட்டியது. 5.5 அல்லது அதற்குக் கீழே இருந்தால்தான் இரைப்பை நீர் என்று கொள்ளலாம். அமிலத்தைக் குறைக்கும் பாண்டோபிரசோல் ஊசி போடப்படுவோருக்கு இரைப்பை நீரே 6 காட்டலாம் என்பதால், அந்த எண்ணை மட்டும் கொண்டு எதையும் முடிவு செய்ய முடியாது. அவருக்கு அந்த ஊசி போய்க்கொண்டிருந்தது. எனவே உணவை நிறுத்தி வைத்து, மருத்துவரிடம் சொல்லி எக்ஸ்-ரேவுக்கு அனுப்பினோம்.

இந்த இடத்தில்தான் மருமகள் சொன்ன ஒரு வார்த்தை முக்கியமானது. "சிஸ்டர், மாமாவுக்குச் சர்க்கரை ஊசி அப்பவே போட்டுட்டாங்களே, கஞ்சி கொடுக்காம விட்டா மயக்கம் வந்துடாதா?" என்று கேட்டார். அவருடைய கவலை முற்றிலும் சரியானது. உணவியல் நிபுணர் வகுத்த 200 மில்லி கஞ்சியில் எவ்வளவு மாவுச்சத்து இருக்கிறதோ, அதைக் கணக்கில் கொண்டே இன்சுலின் அளவு எழுதப்படுகிறது. கஞ்சியை நிறுத்தினால் இன்சுலின் மட்டும் தன் வேலையைச் செய்துகொண்டே இருக்கும். உடனே சர்க்கரை பார்த்தோம், 118 இருந்தது. ஒரு மணி நேரத்தில் 82-க்கு இறங்கியது. மருத்துவர் டெக்ஸ்ட்ரோஸ் டிரிப்பை மெதுவாகப் போகவிடச் சொன்னார். இளநீர் கொடுக்கலாமா என்று உறவினர்கள் கேட்டார்கள். குழாயின் இடம் தெரியாதபோது எதையும் கொடுக்க முடியாது என்பது ஒருபுறமிருக்க, அவருடைய சிறுநீரகத்துக்கு இளநீரில் உள்ள பொட்டாசியம் ஆகாது என்பதையும் விளக்கினேன். குழாய் வழியாகப் போகும் உணவுக்கும் பத்தியம் உண்டு என்பது பலருக்குத் தோன்றுவதில்லை.

எக்ஸ்-ரேயில் நுனி உதரவிதானத்துக்கு மேலே, உணவுக்குழாயின் அடிப்பகுதியில் இருந்தது. அங்கே 200 மில்லி ஊற்றியிருந்தால் அது எளிதாக மேலேறித் தொண்டை வழியாக மூச்சுக்குழாய்க்குள் இறங்கியிருக்கும். இவரைப் போல விழிப்புநிலை மங்கியவர்களுக்கு அப்போது இருமல்கூட வராமல் போகலாம். சில மணி நேரம் கழித்து ஆக்ஸிஜன் அளவு குறைவதும், மூச்சு வேகமாவதும், காய்ச்சல் வருவதுமே முதலில் தெரியும்.

புதிய குழாய் போட்டு, மறுபடி எக்ஸ்-ரே பார்த்த பிறகு, தலைப்பக்கத்தை 30 முதல் 45 பாகைக்குள் உயர்த்தி உணவைத் தொடங்கினோம். முன்னும் பின்னும் குழாயில் ஊற்றும் தண்ணீரையும் அவருக்கு அனுமதித்த நீர் அளவிலேயே சேர்த்தோம். சிரிஞ்சின் தண்டால் அழுத்தாமல், கஞ்சி தானாக இறங்கும்படி கால் மணி நேரத்துக்கும் மேலாக எடுத்துக்கொண்டோம். முடிந்தபின் ஒரு மணி நேரம் தலையைத் தாழ்த்தவில்லை. சளி உறிஞ்சுவதையும் படுக்கை விரிப்பு மாற்றுவதையும் உணவுக்கு முன்பே முடிக்கும்படி வேலை வரிசையை மாற்றிக்கொண்டோம்.

அவர் குழாயோடுதான் வீடு சென்றார். மருமகளுக்கு நாங்கள் எழுதிக் கொடுத்ததில் முதல் வரி குழாயின் குறி எண். ஒவ்வொரு முறையும் அதைப் பார்க்க வேண்டும். எண் மாறியிருந்தாலோ, வாந்தியோ கடும் இருமலோ வந்திருந்தாலோ குழாயை உள்ளே தள்ளாமல், தண்ணீர்கூட ஊற்றாமல் அழைத்து வர வேண்டும். இன்சுலின் போட்டாகிவிட்டது என்றால் வந்தவுடன் அதைத்தான் முதலில் சொல்ல வேண்டும்.