எஃப்.சி. காட்டப் போய் சேஸிஸ் நம்பரைத் தேடிய கதை

மண்டி லோடுக்கு ஓட்டும் என்னுடைய நாலு சக்கர வண்டிக்கு ஒருவழியாக எஃப்.சி., அதாவது ரோட்டில் ஓடத் தகுதியானது என்ற சான்று, வாங்கிவிட்டேன். முழுக்க என் தப்பால் மாட்டினேன் என்று சொல்ல மனம் வரவில்லை, ஆனால் தொடங்கியது என் தப்பில்தான்.

வண்டி 2015 மார்ச்சில் பதிவானது. நான் 2021 கடைசியில் செகண்ட் ஹேண்டில் வாங்கினேன். 2023 மார்ச்சில் எஃப்.சி. புதுப்பிக்க ஏஜென்ட்டிடம் கொடுத்தேன், வேலை முடிந்தது. அவர் கொடுத்த தாளை மடித்து டேஷ்போர்டுக்குள் செருகிவிட்டேன். 'இரண்டு வருஷத்துக்குக் கவலையில்லை' என்று நினைத்தேன். ஏனென்றால் முந்தைய ஓனர் காலத்தில் அப்படித்தான் வந்துகொண்டிருந்தது.

இங்கேதான் கோட்டை விட்டேன். புது வண்டிக்கு முதல் எஃப்.சி. இரண்டு வருஷம், அதன் பிறகு வண்டிக்கு எட்டு வயது ஆகும்வரை இரண்டிரண்டு வருஷம். எட்டு தாண்டிவிட்டால் வருஷத்துக்கு ஒருமுறை. 2023-இல் என் வண்டிக்குச் சரியாக எட்டு முடிந்தது. தாளில் '14 மார்ச் 2024' என்று தெளிவாகத்தான் போட்டிருந்தது. நான்தான் பிரித்துப் பார்க்கவில்லை. ஏஜென்ட்டும் ஒரு வார்த்தை சொல்லவில்லை.

தெரிந்தது மே 27-ஆம் தேதி, ரோட்டுச் சோதனையில். "எஃப்.சி. முடிஞ்சு ரெண்டு மாசம் தாண்டிருச்சே" என்றார் அதிகாரி. நான் இன்சூரன்ஸ் இருக்கிறது, புகைச் சான்று இருக்கிறது, ஆர்.சி. இருக்கிறது என்று அடுக்கினேன். எஃப்.சி. இல்லாத டிரான்ஸ்போர்ட் வண்டி, சட்டத்தின் கண்ணில் முறையாகப் பதிவான வண்டியே இல்லை என்றார். வீட்டுக்கு வந்து பார்த்தேன். மோட்டார் வாகனச் சட்டத்தின் 56-ஆவது பிரிவு அப்படித்தான் சொல்கிறது. விபத்து என்று ஏதாவது ஆகியிருந்தால் இன்சூரன்ஸ்காரர்கள் முதலில் கேட்கும் தாள் இதுதான். அந்த இரண்டு மாதத்தில் ஏற்றிய தக்காளிப் பெட்டிகளை நினைத்தால் இப்போதும் வயிற்றைக் கலக்குகிறது.

மறுநாளே ஆன்லைனில் பணம் கட்டினேன். பசுமை வரி, அபராதச் சலான் இரண்டையும் முதலில் முடித்தால்தான் விண்ணப்பமே நகர்கிறது. வழக்கமான கட்டணத்துக்கு மேல் தாமதத்துக்கு ஒரு நாளைக்கு 50 ரூபாய். மே 28 வரை 75 நாள், ஆக 3,750 ரூபாய் தண்டம். அந்தப் பணத்துக்கு ஒரு பக்க பிரேக் லைனர் செட்டும் கூலியும் சேர்ந்தே வந்திருக்கும்.

சரி, எல்லாரையும் போல நானும் காட்டுவதற்கு முன்னால் வண்டியை பெயின்ட் ஷெட்டில் விட்டேன். மூன்று நாள் வேலை. பாடிக்கு நிறம், சேஸிஸுக்குக் கறுப்பு, முன்னால் வெள்ளை, பக்கத்தில் மஞ்சள், பின்னால் சிவப்பு ரிஃப்ளெக்டர் டேப். வண்டி மணப்பெண் மாதிரி நின்றது.

காட்டப் போன அன்று காலை எட்டரைக்கே வரிசையில் நின்றேன். பிரேக் இன்ஸ்பெக்டர் வர பதினொன்று ஆனது. வந்தவர் விளக்கையோ டயரையோ பார்க்கவில்லை. "சேஸிஸ் நம்பரைக் காட்டுங்க" என்றார். குனிந்து பார்த்தால், நம்பர் பொறித்த இடத்தில் பளபளவென்று கறுப்பு பெயின்ட்! மூன்று கோட் அடித்திருக்கிறான் பெயின்டர். விரலால் தடவினால் லேசாக மேடுபள்ளம் தெரிகிறது, அவ்வளவுதான். பேப்பரை வைத்துப் பென்சிலால் தேய்த்தால் பாதி எழுத்துதான் விழுந்தது. ஒரு எட்டு மூன்று போலவும் பூஜ்யம் போலவும் தெரிந்தது.

பக்கத்து வண்டிக்காரர் உப்புத்தாளை நீட்டினார். வாங்கப் போனேன். அதற்குள் அங்கிருந்த பெரியவர் ஒருவர், "அண்ணே, தேய்ச்சுடாதீங்க, நம்பர்ல கீறல் விழுந்தா திருட்டு வண்டின்னு சந்தேகம் வரும்" என்று தடுத்தார். அவர் புண்ணியத்தில் தப்பித்தேன். தின்னரில் துணியை நனைத்து, கால்மணி நேரம் ஒற்றி ஒற்றி எடுத்தேன். நம்பர் வெளியே வந்தது. இதை மட்டும் வேறு எதை மறந்தாலும் மறக்காதீர்கள். பெயின்ட் அடிக்கும் முன் அந்த இடத்தில் மாஸ்கிங் டேப் ஒட்டச் சொல்லுங்கள்.

அப்புறம் விளக்கு, ஹாரன், வைப்பர், கண்ணாடி, ஸ்டியரிங் ஆட்டம், டயர் பள்ளம். டயரில் குறைந்தது 1.6 மில்லிமீட்டர் பள்ளம் இருக்க வேண்டும். பின் டயரை அவர் கொஞ்சம் நேரம் பார்த்தார், விட்டுவிட்டார். இதெல்லாம் பத்து நிமிஷத்தில் முடிந்தது.

கடைசியில் பிரேக். பக்கத்தில் ஏறி உட்கார்ந்து, கொஞ்சம் வேகம் எடுத்ததும் "பிடிங்க" என்றார். பிடித்தேன். வண்டி இடது பக்கம் இழுத்துக்கொண்டு போய் நின்றது. எனக்கே வெட்கமாகப் போய்விட்டது. "மறுபடியும்" என்றார். மறுபடியும் இடது. "வலது முன் சக்கரத்தைக் கழட்டிப் பாருங்க, சரி பண்ணிட்டு வாங்க" என்று எழுதிவிட்டு இறங்கிப் போய்விட்டார். கோபமாகத்தான் இருந்தது. இடது பக்கம் இழுக்கிற வண்டிக்கு வலது சக்கரத்தை ஏன் கழற்ற வேண்டும் என்று முணுமுணுத்தபடி மெக்கானிக்கிடம் போனேன்.

அவர் சொல்லித்தான் புரிந்தது. நன்றாகப் பிடிக்கும் பக்கம்தான் வண்டியை இழுக்கும். ஆக, பழுது எதிர்ப்பக்கம். டிரம்மைக் கழற்றியதும் லைனர் ஈரமாக மின்னியது. வீல் சிலிண்டரின் ரப்பர் சீல் கிழிந்து, பிரேக் ஆயில் லைனர் மேல் கசிந்துகொண்டிருந்தது. ஆயில் பட்ட லைனர் டிரம்மில் வழுக்கத்தான் செய்யும். "ஆயில் டப்பா குறையலையா அண்ணே?" என்று கேட்டார். குறைந்தது. இரண்டு மூன்று மாதமாகப் பத்து நாளைக்கு ஒருமுறை நானே ஊற்றிக்கொண்டுதான் இருந்தேன். பழைய வண்டி, குடிக்கும் என்று விட்டுவிட்டேன்!

புது வண்டிக்கு இரண்டு வருஷமும் பழசுக்கு ஒரு வருஷமும் ஏன் என்று அன்று யாரும் விளக்கவே வேண்டியிருக்கவில்லை. இந்த சீல் ஒரு ரப்பர் துண்டு. சூட்டிலும் வயதிலும் இறுகிக் கிழியும். போன வருஷம் எஃப்.சி. கொடுத்த அன்று அது நன்றாகத்தான் இருந்திருக்கும். அந்தத் தாள் அந்த நாளின் நிலைமைக்குத்தான் சான்று. அடுத்தடுத்த மாதங்களில் ரப்பர் என்ன ஆகும் என்று அதற்கு எப்படித் தெரியும்?

வலது பக்கம் புது சிலிண்டர், முன்னால் இரண்டு பக்கமும் புது லைனர், பிரேக் லைனில் ஏர் எடுத்தது, ஒரு நாள் போயிற்று. லைனரை ஒரு பக்கம் மட்டும் மாற்றலாமா என்று கேட்டேன். அப்படி மாற்றினால் மறுபடியும் ஒரு பக்கம் இழுக்கும் என்று மறுத்துவிட்டார். மறுமுறை காட்டியபோது வண்டி கோடு போட்டது போல நேராக நின்றது. இன்ஸ்பெக்டர் ஒன்றும் சொல்லவில்லை, தலையை மட்டும் ஆட்டினார். அந்த ஒரு தலையாட்டலுக்கு இரண்டு வாரமும், லோடு இல்லாமல் வாடகையும் போயிற்று!

புது எஃப்.சி. தாளான படிவம் 38-ஐ இந்த முறை அலுவலக வாசலிலேயே பிரித்துப் பார்த்தேன். ஒரே வருஷம்தான். நேராக பெயின்ட் ஷெட்டுக்குப் போய், அந்தத் தேதியை கேபினில் பெரிதாக எழுதச் சொன்னேன். பெயின்டர் எழுதிக்கொண்டே, "அடுத்த வருஷம் சேஸிஸ் நம்பர்ல டேப் ஒட்டிடறேன் அண்ணே" என்றான். யாரோ ஏற்கெனவே சொல்லியிருக்கிறார்கள்.